எடுத்த மதிப்பு படத்தில் எங்கே இருந்தது? இடக்குறிப்பைக் கடைசிவரை காப்பாற்றும் முழு வழிகாட்டி

ஒரு பில்லின் படத்திலிருந்து மொத்தத் தொகை 12480.00 என்று எடுத்து டேட்டாபேஸில் போட்டாகிவிட்டது. அது சரியா என்று பார்க்க வேண்டியவர் முழுப் பக்கத்தையும் திறந்து, பெரிதாக்கி, அந்த எண்ணைத் தேடிப்பிடித்து ஒப்பிடுகிறார். சரிபார்ப்பில் பெரும்பகுதி நேரம் இந்தத் தேடலிலேயே போகிறது. ஒப்பிடுவதற்கு ஒரு பார்வை போதும்.

இத்தனைக்கும் அந்த எண் எங்கே இருந்தது என்பது ஓசிஆர் ஓடிய நொடியில் தெரிந்திருந்தது. அதற்குப் பிறகு அந்தத் தகவல் இரண்டு வகையில் கெடுகிறது. அடுத்த கட்டத்துக்கு வெறும் உரையை மட்டும் அனுப்பி, இடத்தை உதறிவிடுகிறார்கள். அல்லது இடத்தைச் சேமித்தாலும், அது நிமிர்த்தி, வெட்டி, சுருக்கிய படத்தில் உள்ள இடமாக இருக்கிறது. சரிபார்ப்பவர் பார்ப்பதோ மூலப் படத்தை. இரண்டாவது முதலாவதைவிட மோசம். ஏனென்றால் திரையில் ஒரு பெட்டி தெரியும், அது தப்பான இடத்தைக் காட்டிக்கொண்டிருக்கும்.

போனில் எடுத்த ஒரு பில் படத்தை எடுத்துக்கொண்டு, அதில் உள்ள ஒரே ஒரு தொகையைத் தொடக்கம் முதல் கடைசிவரை பின்தொடர்வோம். ஸ்கேன் செய்த படிவங்களுக்கும் இதே முறைதான்.

## படி 1: எது மூலப் படம் என்று முதலில் தீர்மானியுங்கள்

எல்லா இடக்குறிப்புகளும் ஒரே ஒரு படத்தின் பிக்சல்களில்தான் இருக்க வேண்டும். அது எந்தப் படம் என்பதை எழுதிவைக்காத குழுவில் ஆளுக்கொரு படத்தை மூலமாக நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

போன் படத்தில் இது உடனே சிக்கலாகும். நம் படம் ஃபைலுக்குள் 4032×3024 பிக்சல், அதாவது படுத்த நிலையில் இருக்கிறது. கூடவே எக்ஸிஃப் குறிப்பில் Orientation 6 என்று இருக்கிறது. காட்டும்போது வலப்பக்கமாக 90 டிகிரி திருப்பிக் காட்டு என்பது அதன் பொருள். சில நிரல்கள் இதை மதித்துத் திருப்பும், சில கண்டுகொள்ளாது. ஓப்பன்சிவியின் `cv2.imread` வழக்கமாகத் திருப்பிவிடும். ஆனால் `IMREAD_UNCHANGED` கொடுத்தால் திருப்பாது. பில்லோவின் `Image.open` தானாகத் திருப்பாது, `ImageOps.exif_transpose` என்று நாம்தான் கூப்பிட வேண்டும். இன்றைய பிரவுசர்கள் திருப்பியே காட்டுகின்றன.

ஆகவே படம் வந்ததும் மூன்று வேலைகளைச் செய்துவிடுங்கள். வந்த ஃபைலை ஒரு பைட்டும் மாறாமல் பத்திரப்படுத்தி, அதன் ஹாஷைக் கணக்கிட்டு வையுங்கள். பிறகு நிமிர்த்திய பிரதி ஒன்றை, எக்ஸிஃப் திசைக் குறிப்பை நீக்கிவிட்டு, 3024×4032 அளவில் எழுதுங்கள். இனி இதுதான் மூலப் படம் என்று அறிவித்துவிடுங்கள். ஓசிஆருக்கும் திரைக்கும் இந்தப் பிரதிதான் போக வேண்டும். திசைக் குறிப்பு அதில் இல்லாததால் யாரும் அதை இரண்டாம் முறை திருப்ப முடியாது.

பிடிஎஃப் என்றால் இன்னொரு கண்ணி உண்டு. அதன் அளவை புள்ளிகளில், அங்குலத்துக்கு 72. ஏ4 பக்கம் ஏறத்தாழ 595×842 புள்ளி. தொடக்கப் புள்ளி பக்கத்தின் கீழ் இடது மூலையில் இருக்கிறது. படத்திலோ மேல் இடது மூலை. 300 டிபிஐ-யில் படமாக்கினால் புள்ளியை 300/72, அதாவது 4.167 ஆல் பெருக்கி, செங்குத்து அளவைத் தலைகீழாக்க வேண்டும். பிடிஎஃப்மைனர் கீழிருந்து எண்ணித் தரும். பைமூபிடிஎஃப் ஏற்கெனவே மேலிருந்து எண்ணித் தந்துவிடும். பின்னதன் மதிப்பை நீங்களும் ஒருமுறை புரட்டினால் பெட்டிகள் எல்லாம் பக்கத்தின் மறுமுனைக்குப் போய்விடும்.

## படி 2: படத்துக்குச் செய்த ஒவ்வொன்றையும் எழுதிவையுங்கள்

ஓசிஆருக்கு முன் படத்தை எப்படியும் தயார்செய்வோம். நம் பில்லுக்கு மூன்று மாற்றங்கள் நடந்தன. பின்னணி மேசையை நீக்க, (212, 340) என்ற புள்ளியிலிருந்து 2600×3400 அளவில் வெட்டினோம். தாள் 2 டிகிரி சாய்ந்திருந்ததால் வெட்டிய படத்தின் நடுப்புள்ளியை அச்சாக வைத்து நிமிர்த்தினோம். கடைசியாக 0.75 மடங்குக்குச் சுருக்கினோம். ஓசிஆர் பார்த்த படம் 1950×2550.

இந்த மூன்றையும் 3×3 மேட்ரிக்ஸ்களாக எழுதி, நடந்த வரிசையிலேயே பெருக்கி, பக்கத்துக்கு ஒன்றாகச் சேமியுங்கள். அதன் நேர்மாறு, ஓசிஆர் சொல்லும் இடத்தை மூலப் படத்துக்குத் திருப்பிக் கொண்டுவரும்.

```python
import numpy as np, cv2

T = np.array([[1,0,-212],[0,1,-340],[0,0,1]], float)
R = np.vstack([cv2.getRotationMatrix2D((1300,1700), 2, 1.0),
               [0,0,1]])
S = np.diag([0.75, 0.75, 1.0])
M = S @ R @ T

box = np.array([[[1455,2010],[1665,2010],
                 [1665,2052],[1455,2052]]], float)
poly = cv2.perspectiveTransform(box, np.linalg.inv(M))
```

பெருக்கும் வரிசையைக் கவனியுங்கள். முதலில் நடந்த வெட்டு வலக்கோடியில் நிற்கிறது. கோணலாக எடுத்த படத்தை நான்கு மூலை பிடித்துச் சமன்படுத்தினால் அதுவும் ஒரு 3×3 மேட்ரிக்ஸ்தான், இதே வரிசையில் சேர்ந்துகொள்ளும். `perspectiveTransform` இரண்டுக்கும் பொருந்தும். ஒரு எச்சரிக்கை: நிமிர்த்தும்போது மூலைகள் வெட்டுப்படாமல் இருக்கப் படத்தின் பரப்பைப் பெரிதாக்கும் வசதியைப் பயன்படுத்தினால், நடுப்புள்ளி நகர்ந்துவிடும். அந்த நகர்வும் மேட்ரிக்ஸில் இருக்க வேண்டும்.

இப்போது தொகையைப் பார்ப்போம். ஓசிஆர் 12,480.00 என்ற சொல்லுக்குக் கொடுத்த பெட்டி: இடது 1455, மேல் 2010, அகலம் 210, உயரம் 42. மேலே உள்ள நிரல் அதை மூலப் படத்தில் இந்த நான்கு மூலைகளாக மாற்றித் தருகிறது: (2117.4, 3041.7), (2397.2, 3051.5), (2395.3, 3107.5), (2115.5, 3097.7). மேல்விளிம்பு இடமிருந்து வலமாகச் சுமார் 10 பிக்சல் இறங்குகிறது. தாள் சாய்ந்திருந்தது அல்லவா, அதுதான். நான்கு மூலைகளையும் அப்படியே சேமியுங்கள். நேரான செவ்வகமாக்கினால் 56 பிக்சல் உயரம் 66 ஆகிவிடும். நெருக்கமான வரிகள் உள்ள அட்டவணையில் அந்தப் பெட்டி பக்கத்து வரியைத் தொட்டுவிடும்.

நிமிர்த்தியதை மட்டும் கணக்கில் சேர்க்க மறந்தால் என்ன நடக்கும்? பெட்டியின் மேல் இடது மூலை (2152, 3020) என்று வரும். உண்மையான இடத்திலிருந்து 35 பிக்சல் வலப்பக்கம், 22 பிக்சல் மேலே. இந்த எழுத்தளவில் ஒரு இலக்கம் சுமார் 31 பிக்சல் அகலம். அதாவது பெட்டி முதல் இலக்கத்தை வெளியே விட்டுவிட்டு, 2,480.00 என்பதன் மேல்பாதியைச் சுற்றி நிற்கும். வெறும் 2 டிகிரிக்கு இவ்வளவு. சரிபார்ப்பவர் இதைப் பார்த்தால் மதிப்பையே தவறு என்று குறித்துவிடுவார்.

பெட்டிகள் விலகித் தெரிந்தால், விலகும் விதத்தைப் பார்த்தே எது விடுபட்டது என்று சொல்லிவிடலாம். பக்கம் முழுக்க ஒரே அளவு, ஒரே திசையில் விலகினால் வெட்டிய இடம் கணக்கில் வரவில்லை. மேல் இடது மூலையில் சரியாக இருந்து, கீழே வலப்பக்கம் போகப் போக விலகல் வளர்ந்தால் சுருக்கிய அளவு விடுபட்டிருக்கிறது. நடுவில் சரியாக இருந்து ஓரங்களில் சுழன்றாற்போல் விலகினால் நிமிர்த்திய கோணம். மேலே இருக்க வேண்டியது கீழே இருந்தால் பிடிஎஃப்பின் தலைகீழ் அளவை. இவற்றில் என்னை அதிகம் கவலைப்படவைப்பது மூன்றாவது. சோதிப்பவர்கள் வழக்கமாகப் பக்கத்தின் நடுவில் உள்ள எதையாவது பார்த்துவிட்டு ஒப்புதல் தருவார்கள். பில்லில் மொத்தத் தொகை இருப்பதோ ஓரத்தில்.

## படி 3: மதிப்பைச் சொல்லோடு கட்டிவையுங்கள், பிறகு தேடாதீர்கள்

டெஸ்ஸராக்டில் இப்படி ஓட்டினால் சொல்வாரியான அட்டவணை கிடைக்கும்.

```
tesseract page.png out -l tam+eng tsv
```

அதில் `level` 5 என்று உள்ள வரிகள் சொற்கள். `left`, `top`, `width`, `height` இடத்தையும், `conf` நம்பிக்கை அளவையும், `text` எழுத்தையும் தரும். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு எண் கொடுங்கள். இதற்குப் பிறகு எந்தக் கட்டத்திலும் உரை தனியாகப் பயணிக்கக் கூடாது, சொல் எண்ணும் கூடவே போக வேண்டும். சொற்களைச் சேர்த்து ஒரே நீள உரையாக்கி அதில் விதிகளை ஓட்டுகிறீர்கள் என்றால், எத்தனையாவது எழுத்திலிருந்து எத்தனையாவது எழுத்துவரை எந்தச் சொல் என்ற பட்டியலையும் வைத்துக்கொள்ளுங்கள். விதி பொருந்திய எழுத்து எல்லையை வைத்துச் சொல் எண்ணுக்குத் திரும்பிவிடலாம்.

பலரும் செய்வது வேறு. மதிப்பை முதலில் எடுத்துவிட்டு, கடைசியில் அந்த எழுத்துகளை ஓசிஆர் உரையில் தேடி, கிடைத்த முதல் இடத்தில் பெட்டி போடுகிறார்கள். நம் பில்லின் அடிப்பகுதியில் மூன்று வரிகள் இருக்கின்றன:

கூட்டுத்தொகை 12,480.00
தள்ளுபடி 0.00
மொத்தம் 12,480.00

தேடினால் முதல் வரிதான் கிடைக்கும். பெட்டிக்குள் 12,480.00 இருக்கிறது, மதிப்பும் அதேதான், சரிபார்ப்பவர் சரி என்று அழுத்திவிடுவார். தணிக்கை நடந்ததாகப் பதிவாகும், ஆனால் மொத்தத்தை யாரும் பார்க்கவில்லை. தள்ளுபடி உள்ள பில்லில் விதி தவறுதலாகக் கூட்டுத்தொகையை எடுத்தாலும் பெட்டி அந்த எண்ணின்மேலேயே அழகாக உட்கார்ந்திருக்கும். எடுத்தது எங்கிருந்து என்பதற்குப் பெட்டி சாட்சியாக இருக்க வேண்டும் என்றால், எடுத்த விதியே அந்த இடத்தைச் சொல்ல வேண்டும்.

மொழி மாதிரியை வைத்து மதிப்பை எடுப்பவர்களுக்கும் இதுவே. ஒவ்வொரு சொல்லுக்கும் எண்ணிட்டு உரையைக் கொடுத்து, பதிலில் மதிப்போடு சொல் எண்களையும் கேளுங்கள். வந்த எண்களை அப்படியே நம்பாமல், அந்தச் சொற்களைச் சேர்த்து வடிவமாற்றம் செய்தால் அதே மதிப்பு வருகிறதா என்று நிரலால் சோதியுங்கள். வராவிட்டால் அந்த மதிப்புக்கு இடக்குறிப்பு இல்லை என்றே பதியுங்கள். பொருந்தும் வேறொரு இடத்தைத் தேடி ஒட்டுவது, மேலே சொன்ன அதே குழிக்குள் திரும்ப விழுவதுதான். தமிழ் உரையை ஒப்பிடும்போது இரு பக்கத்தையும் யூனிகோட் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். ‘கொ’ என்ற எழுத்தின் கொம்பும் காலும் ஒரே குறியீடாகவும் வரலாம், இரண்டாகப் பிரிந்தும் வரலாம். கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும், நிரலுக்கு வேறு வேறு.

## படி 4: பதிவில் என்னென்ன இருக்க வேண்டும்

```json
{
  "field": "total",
  "value": "12480.00",
  "raw": "12,480.00",
  "origin": "read",
  "image": "sha256:...",
  "page": 1,
  "ocr_run": 7,
  "words": [214],
  "polys": [[[2117.4,3041.7],[2397.2,3051.5],
             [2395.3,3107.5],[2115.5,3097.7]]]
}
```

`raw` என்பது படத்தில் படித்த எழுத்து, மாற்றமே இல்லாமல். இதை வீணான இரட்டிப்பு என்று பலர் விட்டுவிடுவதைப் பார்க்கிறேன், தயவுசெய்து விடாதீர்கள். தேதி 2024-04-03 என்று பதிவாகி, படத்தில் 03/04/2024 என்று இருந்தால், தவறு நடந்திருக்கக்கூடியது படிப்பதில் அல்ல, நாளையும் மாதத்தையும் பிரித்ததில். மூல எழுத்து பக்கத்தில் இருந்தால்தான் அது எந்த வகைத் தவறு என்று தெரியும்.

`polys` பன்மையில் இருப்பதற்குக் காரணம் உண்டு. முகவரி இரண்டு வரிகளில் ஓடினால் வரிக்கு ஒரு வடிவம் வையுங்கள். எல்லாவற்றையும் சுற்றி ஒரே பெட்டி போட்டால், பக்கத்துப் பத்தியில் உள்ள பில் எண்ணும் அதற்குள் வந்துவிடும்.

படத்தில் இல்லாத மதிப்புகளும் இருக்கும். அதற்குத்தான் `origin`. படித்தது என்றால் வடிவம் கட்டாயம். கணக்கிட்டது என்றால் அதற்கென்று சொந்த இடம் கிடையாது. எந்த மதிப்புகளிலிருந்து கணக்கிட்டீர்களோ அவற்றின் பெயர்களைப் பதியுங்கள். சரிபார்ப்பவர் அதைத் தொட்டால் மூல எண்கள் எல்லாம் ஒளிரட்டும். நிரல் தானாக நிரப்பியது என்றால் அதையே சொல்லிவிட்டு, பெட்டி போடாமல் விடுங்கள். காணவில்லை என்றால் எந்தப் பகுதியில் தேடினீர்கள் என்பதைப் பதியுங்கள். வரிப் பதிவு எண் இல்லை என்று வெற்றாகச் சொல்வதைவிட, பார்த்த பகுதியைக் காட்டினால் உண்மையிலேயே இல்லையா, ஓசிஆர் தவறவிட்டதா என்று அவர் அங்கேயே முடிவு செய்துவிடுவார்.

சொல் எண்கள் ஒரு ஓசிஆர் ஓட்டத்துக்கு மட்டுமே பொருள் உடையவை. பதிப்பு மாற்றி மறுபடி ஓட்டினால் 214 என்பது வேறு சொல்லாகிவிடும். `ocr_run` அதற்காகத்தான். மூலப் படத்தின் மேல் வைத்த வடிவமோ எத்தனை முறை ஓட்டினாலும் மாறாது.

## படி 5: சரிபார்ப்பவரின் திரை

முழுப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டியைக் காட்டுவது போதாது. மதிப்புக்குப் பக்கத்திலேயே அந்த இடத்தின் வெட்டுத் துண்டை வைத்தால்தான் கண் அலையாது. துண்டு எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். எண்ணை மட்டும் நறுக்கி வைத்தால் அது கூட்டுத்தொகையா மொத்தமா என்று தெரியாது. மேலும் கீழும் ஒரு வரி உயரம் விட்டு, இடப்பக்கம் அந்த வரியின் தலைப்புச் சொல் வரும்வரை நீட்டுங்கள். நம் பில்லில் இதனால் மூன்று வரிகளும் ஒன்றாகத் தெரியும். தள்ளுபடி 0.00 என்பதும் கண்ணில் படும்.

துண்டை மூலப் படத்திலிருந்தே வெட்டுங்கள். ஓசிஆருக்காகக் கறுப்பு வெள்ளையாக்கி, புள்ளிகள் நீக்கிய படத்திலிருந்து வேண்டாம். தூசி என்று நினைத்து நீக்கப்பட்டது சில சமயம் தசமப் புள்ளியாக இருக்கும். அப்போது தவறு நடந்த அதே படத்தைச் சாட்சிக்கு அழைத்ததாகிவிடும். இதே காரணத்துக்காகப் பெட்டிக்கு உள்நிறம் கொடுக்காதீர்கள். மெல்லிய கோட்டை எழுத்திலிருந்து சில பிக்சல் தள்ளி வரையுங்கள்.

முழுப் பக்கமும் ஒரு கிளிக்கில் திறக்கட்டும். அதில் பெட்டி வரைய எளிய வழி எஸ்விஜி. `viewBox`-ஐ மூலப் படத்தின் அளவுக்கே வைத்துவிட்டால், திரைக்கேற்பச் சுருக்குவதை பிரவுசர் பார்த்துக்கொள்ளும். நீங்கள் எந்தக் கணக்கும் போட வேண்டாம்.

```html
<svg viewBox="0 0 3024 4032">
  <image href="page1.jpg" width="3024" height="4032"/>
  <polygon points="2117,3042 2397,3052 2395,3108 2116,3098"
    fill="none" stroke="red" stroke-width="4"/>
</svg>
```

ஜாவாஸ்கிரிப்டில் அகல உயரங்களை அளந்து பெருக்கத் தொடங்கினால், ஜன்னலின் அளவு மாறும்போதும் பெரிதாக்கும்போதும் ஒரு தவறுக்கு இடம் திறந்துவிடுகிறீர்கள்.

## படி 6: பெட்டி சரியா என்று நிரலே சோதிக்கட்டும்

மேட்ரிக்ஸ் சரியா என்று சோதிக்க, நான்கு மூலைகளின் அருகிலும் நடுவிலும் ஒவ்வொரு சொல் அச்சிட்ட ஒரு சோதனைப் பக்கம் போதும். அதைச் சாய்த்து, வெட்டி, சுருக்கி முழுப் பாதையிலும் அனுப்புங்கள். வந்த வடிவங்களைக் கொண்டு மூலப் படத்தை வெட்டி, அந்தத் துண்டுகளில் மறுபடி ஓசிஆர் ஓட்டினால் ஐந்து சொற்களும் திரும்பக் கிடைக்க வேண்டும். படத்தைத் தயார்செய்யும் நிரலில் யார் கைவைத்தாலும் இந்தச் சோதனை ஓடட்டும்.

மேட்ரிக்ஸ் சரியாக இருந்தும் பெட்டி கெடும் சந்தர்ப்பம் ஒன்று உண்டு. அட்டவணையின் கோடு இலக்கத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் ஓசிஆர் இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொண்டு, பல வரி உயரத்துக்கு ஒரு பெட்டியைக் கொடுக்கும். அந்தப் பக்கத்தில் உள்ள சொற்களின் நடு உயரத்தைக் கணக்கிட்டு, அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் போகும் பெட்டிகளைத் தனியாகக் குறியுங்கள். தலைப்பு எழுத்துகளும் சில சிக்கும், பரவாயில்லை. பெட்டிக்குள் மையே இல்லாமல் வெறும் வெள்ளையாக இருந்தால் அதையும் குறியுங்கள். இது எப்போதுமே தவறுதான்.

கையெழுத்துக்கு மட்டும் இந்த அளவு துல்லியத்தை எதிர்பார்க்க முடியாது. எழுத்துகள் வரியை மீறி ஓடும், சொற்களின் எல்லை தெளிவாக இருக்காது. அங்கே படிவத்தின் கட்டம் முழுவதையும் இடமாகப் பதிவதே நேர்மையானது.

## படி 7: திருத்தம் வந்தால்

சரிபார்ப்பவர் 12480.00 என்பதை 12430.00 என்று திருத்தினால் பழைய பதிவை அழிக்காதீர்கள். யார், எப்போது, எதிலிருந்து எதற்கு என்று புதிய பதிவாகச் சேர்த்து, `origin` மனிதர் திருத்தியது என்று மாறட்டும். எழுத்தைப் படித்ததில் மட்டும் தவறு என்றால் பழைய வடிவமே தொடரும். இடமே தவறு என்றால், படத்தில் சரியான சொல்லை அவர் தொட்டுக் காட்டும்படி வையுங்கள். சுட்டியால் பெட்டி இழுத்து வரையச் சொல்வதைவிட இது வேகமானது. ஓசிஆர் சொற்களின் வடிவங்கள் ஏற்கெனவே நம்மிடம் இருக்கின்றன. ஓசிஆர் அந்தச் சொல்லைப் பார்க்கவே இல்லை என்றால் மட்டும் கையால் வரைய விடுங்கள்.

திருத்தங்களை இந்த இரண்டு வகையாகப் பிரித்தே எண்ணி வாருங்கள். வடிவம் மாறாமல் எழுத்து மட்டும் மாறியவை படத்தின் தெளிவையும் ஓசிஆரையும் கவனிக்கச் சொல்கின்றன. வடிவமே இடம் மாறியவை, கூட்டுத்தொகையை மொத்தம் என்று எடுத்ததுபோல், உங்கள் விதியைத் திருத்தச் சொல்கின்றன. இடக்குறிப்பு இல்லாத பதிவில் இந்த இரண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும்: ஒரு எண் போய் இன்னொரு எண் வந்திருக்கும்.